வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி நேரம்: தம்பதிகளுக்கான தொடுகைப் பயிற்சி

என்னிடம் ஆலோசனைக்கு வரும் தம்பதிகள் பலர் முதல் அரைமணி நேரம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் வீட்டுக் கடனைப் பற்றியும் பேசுவார்கள். எழுந்து கிளம்பும்போதுதான், கதவுப்பிடியில் கை வைத்தபடி, "இன்னொன்று இருக்கிறது" என்பார்கள். கதிரும் மாலாவும் அப்படித்தான் சொன்னார்கள். பெயர்கள் நான் வைத்தவை. பல குடும்பங்களில் பார்த்ததைச் சேர்த்துத்தான் இந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். கதிருக்கு 43 வயது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்டு. மாலாவுக்கு 39 வயது, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. செபராங் ஜெயாவில் மூன்று அறை அடுக்குமாடி வீடு. உடன் இரண்டு பிள்ளைகளும் கதிரின் அம்மாவும்.

வேலை முடிந்து பினாங்குப் பாலத்து நெரிசலில் நின்று வீடு திரும்பிய ஓர் இரவு, கதிருக்கு விறைப்பு பாதியிலேயே அடங்கிவிட்டது. களைப்பு, அவ்வளவுதான். அடுத்த முறை 'இன்றும் அப்படி ஆகிவிடுமோ' என்று நினைத்தார், அப்படியே ஆயிற்று. மூன்றாம் முறைக்குப் பிறகு அவர் கூடத்தில் தொலைக்காட்சி முன்னால் படுக்கத் தொடங்கினார். தன்மேல் அவருக்கு ஆசை விட்டுப்போய்விட்டது என்று மாலா முடிவு கட்டினார். இப்படியே 14 மாதங்கள் ஓடின. நின்றது உடலுறவு மட்டுமல்ல. தோளில் கை வைத்தால்கூட அது அழைப்பாகிவிடுமோ என்று இருவரும் அஞ்சியதால், தொடுவதே நின்றுபோனது.

இவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது 'சென்சேட் ஃபோக்கஸ்' என்ற தொடுகைப் பயிற்சி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜினியா ஜான்சன் இருவரும் உருவாக்கி, 1970-இல் நூலாக வெளியிட்ட முறை இது. பாலியல் சிகிச்சையாளர்கள் இன்றும் இதைத்தான் அடித்தளமாக வைத்திருக்கிறார்கள்.

ஏன் முயற்சி செய்யச் செய்ய மோசமாகிறது

தூக்கத்தை எண்ணிப் பாருங்கள். 'இப்போதே தூங்கியாக வேண்டும்' என்று பிடிவாதமாகப் படுத்தவருக்குத் தூக்கம் வருவதில்லை. விறைப்பும், பெண்ணுறுப்பில் ஊறும் ஈரமும், உச்சமும் அதே வகையைச் சேர்ந்தவை. அவை நம் கட்டளைக்கு உட்பட்டவை அல்ல. உடல் தளர்ந்திருக்கும்போது வேலை செய்யும் நரம்பு மண்டலம்தான் ஆணுறுப்புக்குள் இரத்தத்தை நிரப்புகிறது. பயம் வந்தால் அதற்கு எதிரான மண்டலம் விழித்து, அந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. 'வருகிறதா, நிற்கிறதா' என்று தன்னையே தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பவர் தன் தோலில் என்ன நடக்கிறது என்பதை உணர்வதில்லை. பயம் மட்டும் பெருகுகிறது, ஒவ்வோர் இரவும் ஒரு தேர்வாகிவிடுகிறது.

இதற்கு வழி, தேர்வையே ரத்து செய்வது. ஜான் ஹன்டர் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் 1786-இல் வெளியிட்ட நூலில் இப்படி ஒரு கதை சொல்கிறார்: இதே குறையோடு வந்த ஒருவரிடம், ஆறு இரவுகள் அவர் விரும்பிய பெண்ணின் அருகில் படுக்க வேண்டும், ஆனால் எந்த நிலையிலும் உறவு கொள்ளக்கூடாது என்று வாக்கு வாங்கினார். திரும்பி வந்தவர், 'முடியாமல் போய்விடுமோ' என்ற பயம் போய், 'ஆசை மீறிவிடுமோ' என்ற பயம் வந்துவிட்டது என்றாராம். நாம் செய்யப்போவதும் அதுதான், கொஞ்சம் ஒழுங்காக.

தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்

நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. விறைப்புக் குறை சில நேரம் நீரிழிவின் அல்லது இதய நோயின் முதல் அறிகுறியாக இருக்கும். 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் இந்தியக் குடும்பங்களில் அது இன்னும் அதிகம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு குறிப்பும் கிடைக்கும்: விடியற்காலையில் விழிக்கும்போது விறைப்பு வழக்கம்போல இருந்தால், இரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. அதுவும் இல்லையென்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். கதிருக்கு அது இருந்தது. சர்க்கரை மட்டும் எல்லையில் நின்றது.

பக்கத்துக் கடையில் விற்கும் 'ஆண்மை' காப்பிப் பொட்டலங்களை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட பொருள்களில் பெட்டியில் எழுதாமல் விறைப்பு மருந்தைக் கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அந்தக் கலப்பு உயிரையே பறிக்கலாம்.

பெண்ணுக்கு உறவின்போது வலி இருந்தால் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் அடி உதை, மிரட்டல், கட்டாயம் இருந்தால் இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். அங்கே தேவைப்படுவது பாதுகாப்பு. தாலியான் காசே எண் 15999-ஐ அழையுங்கள்.

ஒப்பந்தம்

இருவரும் உட்கார்ந்து, வாய்விட்டு, தேதியோடு பேசி முடிவு செய்ய வேண்டியது: அடுத்த அறிவிப்பு வரை உடலுறவு இல்லை. முதல் கட்டத்தில் முத்தமும் இல்லை, மார்பையும் பிறப்புறுப்பையும் தொடுவதும் இல்லை. ஆசை வந்தாலும் இல்லை. 'முடிந்தால் செய்யலாம்' என்று ஓர் ஓட்டை வைத்தால் பயிற்சி அங்கேயே செத்துவிடும். 'முடிந்தால்' என்ற சொல்லுக்குள் பழைய தேர்வு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மாலா என்னிடம் கேட்டார்: "14 மாதங்களாக இல்லாததை இப்போது தடை செய்து என்ன பயன்?" நியாயமான கேள்விதான். அந்த 14 மாதங்களில் தடை எதுவும் இல்லை, தவிர்ப்புதான் இருந்தது. ஒவ்வோர் இரவும் 'இன்றைக்குக் கேட்பாரோ, கேட்கமாட்டாரோ' என்ற கேள்வி கட்டிலில் கூடவே படுத்திருந்தது. தடை வந்ததும் அதற்கு விடை தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு ஒரு கை தோளில் விழுந்தால், அது வெறும் கைதான்.

நேரமும் இடமும்

வாரத்துக்கு இரண்டு முறை, முடிந்தால் மூன்று. இரண்டு அமர்வுகளுக்கு இடையில் மூன்று நாளுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இடைவெளி நீண்டால் பழைய கூச்சம் முளைத்துவிடும். நாளைக் குறித்து வையுங்கள். தானாக மனம் வரும்வரை காத்திருப்பவர்கள் தொடங்குவதே இல்லை. யார் அழைப்பது என்பதையும் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் வீட்டில் இடம்தான் பெரிய சிக்கல். மாமியார் படுக்கும் அறைக்கும் இவர்கள் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு மெல்லிய சுவர். கடைசியில் கிடைத்தது வெள்ளிக்கிழமை மாலை. மாமியார் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கருமாரியம்மன் கோயிலுக்குப் போய் வரும் ஒன்றரை மணி நேரம் அது. இரண்டாவது அமர்வுக்குக் கதிரின் ஷிப்டு அட்டவணையைப் பார்த்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அம்மா சந்தைக்குப் போயிருக்கும் ஓய்வு நாள் காலையைப் பிடித்தார்கள். அது மாலாவின் பள்ளி விடுமுறை வாரங்களில் மட்டுமே ஒத்துவந்தது. மற்ற வாரங்களில் எல்லோரும் உறங்கிய பின், மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டு செய்தார்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் குடும்பங்கள் விரதம் முடிந்த பிறகே தொடங்குங்கள். நடுவில் 48 நாள் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான் வரவேண்டும்.

கதவைத் தாழிடுங்கள், கைப்பேசியை அறைக்கு வெளியே வையுங்கள். இருவரும் குளித்துவிட்டு வாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வைக் கூச்சமே பாதி மனத்தைத் தின்றுவிடும். கையில் தலைவலித் தைலம் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இதைச் சொல்லாமல் விட்டு ஒருமுறை வருந்தியிருக்கிறேன். விளக்கை முழுதும் அணைக்காமல் மங்கலாக வையுங்கள். உடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆனால் முதல் சில முறை கைலியோடும் நைட்டியோடும் தொடங்கினாலும் குற்றமில்லை.

முதல் கட்டம்: தொடுவது உங்களுக்காக

ஒருவர் படுத்திருக்கிறார், மற்றவர் தொடுகிறார். 15 நிமிடம். பிறகு இடம் மாற்றி இன்னொரு 15 நிமிடம். தலைமுடியிலிருந்து கால்விரல் வரை, முன்னும் பின்னும், தடை செய்த பகுதிகளை விட்டு எல்லா இடமும். கையால் மட்டும். பேச்சு இல்லை, பாட்டு இல்லை.

பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். நீங்கள் தொடுவது எதிரில் இருப்பவரை மகிழ்விக்க அல்ல. அவரைக் கிளர்த்தவும் அல்ல, தசைப்பிடிப்பை நீக்கவும் அல்ல. உங்கள் விரலுக்கு என்ன தெரிகிறது என்று அறிந்துகொள்ளத்தான் தொடுகிறீர்கள். கவனிக்க வேண்டியவை மூன்று: சூடா குளிர்ச்சியா, வழவழப்பா சொரசொரப்பா, அழுத்தமா மென்மையா. மின்விசிறிக் காற்று பட்ட தோள் குளிர்ந்திருக்கும், அதற்கு நான்கு விரல் கீழே அக்குள் ஓரம் சூடாக இருக்கும். முழங்கை சொரசொரப்பு. இடது மேல்கையில் சிறுவயதில் போட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு, சுற்றியுள்ள தோலைவிட வழவழப்பாக, ஒரு சிறு குழி. இவை எவராலும் உணர முடிந்தவை. 'சுகமாக இருக்கவேண்டும்' என்பது கட்டளையிட்டால் வராது, 'சூடா, குளிர்ச்சியா' என்பது எப்போது கேட்டாலும் விடை தரும். பயந்த மனத்துக்குப் பிடித்துக்கொள்ள அது போதும்.

மனம் ஓடும். வீட்டுக் கடன் தவணை, நாளைய பாடக்குறிப்பு, 'எனக்கு ஏன் எதுவும் எழவில்லை' என்ற எண்ணம், எல்லாம் வரும். வந்ததைக் கவனித்துவிட்டு விரல் நுனிக்குத் திரும்புங்கள். 15 நிமிடத்தில் 50 முறை திரும்பினாலும் பயிற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

படுத்திருப்பவருக்கு ஒரே ஒரு பொறுப்பு. ஏதாவது பிடிக்காவிட்டால் அல்லது வலித்தால், தொடுபவரின் கையின்மேல் உங்கள் கையை வைத்து நகர்த்திவிடுங்கள். மற்றபடி முனகவோ, சிரித்துக் காட்டவோ, 'நன்றாக இருக்கிறது' என்று ஊக்கம் தரவோ வேண்டாம். அவருக்காக நடிக்க ஆரம்பித்தால் உங்கள் தோலை நீங்கள் மறந்துவிடுவீர்கள்.

கிளர்ச்சி வந்தால் வரட்டும், எதுவும் செய்ய வேண்டியதில்லை. வராவிட்டாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. முடிந்ததும் சில நிமிடம் அருகருகே படுத்திருங்கள். பிறகு தனித்தனியாக ஒரு தாளில் இரண்டு மூன்று வரி எழுதுங்கள், அந்த மூன்று சொற்களைக் கொண்டே. "பிடித்திருந்ததா?" என்று கேட்காதீர்கள், அது மதிப்பெண் கேட்பது.

எங்கே பிசகியது

முதல் அமர்வு முடிந்ததும் மாலா எழுதிய வரி: "உடம்பு பிடித்துவிடும் கடையில் படுத்திருந்த மாதிரி இருந்தது." கதிர் அவருடைய தோள்பட்டையை 15 நிமிடம் பிசைந்திருக்கிறார், நடுவில் நான்கு முறை "போதுமா, சரியா?" என்று கேட்டும் இருக்கிறார். மனைவிக்கு நல்லது செய்ய நினைத்தவர்தான். ஆனால் அவர் கவனம் முழுவதும் மாலாவின் முகத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, பிறகு அதையும் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். மெதுவாகப் போகும் விரலால் பிசைய முடியாது, உணரத்தான் முடியும்.

மூன்றாம் அமர்வில் மாலாவுக்கு விலாவில் கூச்சம் வந்து சிரிப்பு அடங்கவில்லை. இப்படிப்பட்ட கூச்சம் பெரும்பாலும் மேலோட்டமான தொடுகையில் வரும். கதிரின் கைமேல் தன் கையை வைத்து, உள்ளங்கை முழுதும் பதியும்படி கொஞ்சம் அழுத்திக் கூட்டிக்கொண்டு போனதும் அது அடங்கியது.

ஐந்தாம் அமர்வில் கதிருக்கு நல்ல விறைப்பு வந்தது. 14 மாதத்துக்குப் பிறகு. "வாய்ப்பை விடக்கூடாது" என்று இருவருமே ஒப்பந்தத்தை மீறினார்கள், பாதியில் அடங்கிவிட்டது. கதிர் மறுபடியும் கூடத்துக்குப் போய்விட்டார், மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. இது நான் அடிக்கடி காணும் விபத்து. உடல் பிசகவில்லை. 'வாய்ப்பை விடக்கூடாது' என்று நினைத்த நொடியில் தேர்வு மறுபடி தொடங்கிவிட்டது. இப்படி நடந்தால் யாரையும் குறை சொல்லாமல், தேதியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, முதல் கட்டத்துக்கே திரும்பி இரண்டு மூன்று அமர்வுகள் செய்யுங்கள். அவர்களும் அப்படித்தான் மீண்டார்கள்.

இரண்டாம் கட்டம்

எப்போது நகரலாம்? விறைப்பு வந்ததா என்பது அளவுகோல் அல்ல. 15 நிமிடத்தில் பெரும்பகுதி சூடு, வழவழப்பு, அழுத்தம் என்று மனம் தங்குகிறதா, அமர்வுக்கு முந்தைய பதற்றம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கதிருக்கும் மாலாவுக்கும் இதற்கு ஒன்பது அமர்வுகள் ஆயின.

இப்போது மார்பும் பிறப்புறுப்பும் தொடுகைக்குள் வருகின்றன. உடலுறவுத் தடை அப்படியே இருக்கிறது. அமர்வைத் தோள், முதுகு, தொடை என்று முன்போலவே தொடங்குங்கள். பிறப்புறுப்பு வரும்போது முழங்கையைத் தொட்ட அதே ஆர்வத்தோடு தொட்டு, சிறிது நேரத்தில் வயிற்றுக்கோ காலுக்கோ நகர்ந்துவிடுங்கள். மறுபடி வரலாம், மறுபடி நகரலாம். அங்கேயே தங்கிவிட்டால் அது வேலையாக மாறிவிடும்.

கதிருக்கு விடிவு இந்த இடத்தில்தான் வந்தது. விறைப்பு வந்தபோது மாலா கையை எடுத்துக் காலுக்குக் கொண்டுபோனார், விறைப்பு முழுதும் அடங்கியது. இருவரும் அதை அடங்க விட்டார்கள். சில நிமிடம் கழித்துக் கை திரும்பியபோது அதுவும் திரும்பியது. அந்த மாலையில் மூன்று முறை வந்து போனது. 'அடங்கினால் எல்லாம் முடிந்தது' என்று நம்பியிருந்தவருக்கு, அடங்கியது திரும்ப வரும் என்பதை அவர் உடலே காட்டியது. எவ்வளவு ஆறுதல் சொல்லியும் அந்த நம்பிக்கையை என்னால் அவருக்குத் தந்திருக்க முடியாது.

வறட்சி இருந்தால் மருந்தகத்தில் கிடைக்கும், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்புக் களிம்பைப் பயன்படுத்துங்கள். தேங்காய் எண்ணெய் ஆணுறையை இற்றுப்போகச் செய்துவிடும்.

அதற்குப் பிறகு

பின்வரும் படிகள் சிறியவை. முதலில் முறை வைக்காமல் இருவரும் ஒரே நேரத்தில் தொடுதல். இதில் கவனத்தைத் தன் தோலில் வைப்பது கடினம் என்பதால் சில அமர்வுகள் பிடிக்கும். பிறகு மாலா மேலே அமர்ந்து, உள்ளே நுழையாமல் உறுப்புகள் ஒன்றையொன்று உரசுவதை மட்டும் உணர்தல். அடுத்து, நுழைந்த பின் அசையாமல் சற்று நேரம் இருத்தல். அப்போதும் கவனிப்பது சூட்டையும் அழுத்தத்தையும்தான். அசைவு கடைசியில். எந்தப் படியில் பதற்றம் எழுந்தாலும் அதற்கு முந்தைய படிக்கு இறங்குங்கள்.

இந்தப் பயிற்சி தீர்க்காதவை உண்டு. நீரிழிவால் சேதமான நரம்பை இது சரிசெய்யாது, அங்கே மருந்தும் சேர வேண்டும். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவருக்குத் தொடுகையே பழையதைக் கிளறலாம். அமர்வில் மரத்துப்போவது, அழுகை, உடலைவிட்டு விலகிப்போன உணர்வு வந்தால் நிறுத்திவிட்டுத் துணையோடு அல்ல, முதலில் ஆலோசகரோடு பேசுங்கள். நாட்டில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் ஆலோசகராகத் தொழில் செய்யலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்டால் தவறாக நினைக்கமாட்டார்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் முதல் கட்டத்திலேயே நிற்கிறீர்கள் என்றால் அதற்கும் உதவி தேவை. பல நேரம் அதன் அடியில் பேசாத கோபம் ஒன்று இருக்கும்.

கதிரும் மாலாவும் ஐந்து மாதத்தில் இந்தப் படிகளை முடித்தார்கள். சில நாள் இன்னும் அடங்கிவிடுகிறது, அப்போது கையைக் காலுக்கு நகர்த்திக்கொள்கிறார்கள். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையை மட்டும் தடையோடேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடந்த முறை மாலா தாளில் எழுதியிருந்தது: "வலது உள்ளங்கை இடதைவிடச் சூடு. கட்டைவிரல் அடியில் புதிதாக ஒரு காய்ப்பு."